பாட்டிலில் ‘எக்ஸ்பெக்டோரண்ட்’ என்று போட்டிருந்தால் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ரெண்டு பிள்ளை அம்மா — 3 நவம்பர் 2024, இரவு 8.50

சுங்கை சிப்புட். சின்னவனுக்கு ரெண்டு வயசு எட்டு மாசம், 12 கிலோ. அஞ்சு நாளா இருமல், மூக்கு ஒழுகுது, நெஞ்சுல சளி கொரகொரன்னு கேக்குது. வீட்டுல மூணு பாட்டில் இருக்கு. ஒண்ணு போன மாசம் என் வீட்டுக்காரருக்கு கிளினிக்குல கொடுத்தது, ‘டைஃபென்ஹைட்ரமின் எக்ஸ்பெக்டோரண்ட்’. இன்னொண்ணு பார்மசியில வாங்கினது, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். மூணாவது சின்னவனுக்கே மூக்குக்குக் கொடுத்த குளோர்ஃபெனிரமின். எங்க அத்தை சொல்றாங்க, முதல் பாட்டில்ல எக்ஸ்பெக்டோரண்ட்னு போட்டிருக்கே, அது சளியை வெளியே கொண்டு வர்ற மருந்து, கொஞ்சமா கொடுத்தா பிள்ளை நல்லா தூங்கும்னு. சரிதானே? சளி இருமலுக்கு எக்ஸ்பெக்டோரண்ட்தானே?

செம்பனைக்காரன் — 3 நவம்பர், இரவு 9.02

கணக்கு சுலபம். வறட்டு இருமலுக்கு அடக்குற மருந்து, சளி இருமலுக்கு இளக்குற மருந்து, ராத்திரிக்குத் தூக்கம் வர்ற மருந்து. உங்க பையனுக்குச் சளி, அதனால டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் வேண்டாம், அது அடக்குற வகை. எக்ஸ்பெக்டோரண்ட் கொடுக்கலாம். பெரியவங்க அளவுல பாதி.

மருந்துக்கடை அக்கா — 3 நவம்பர், இரவு 9.11

கொடுக்காதீங்க. செம்பனைக்காரன் தம்பி சொன்ன மூணு வகையும் சரி, ஆனால் பாட்டிலை எந்த வகையில் போடுகிறோம் என்பதில்தான் தப்பு. பெயரை விடுங்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கிளினிக்கில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் 5 மி.லி.க்கு டைஃபென்ஹைட்ரமின் 14 மி.கி., அம்மோனியம் குளோரைடு 135 மி.கி., கொஞ்சம் சோடியம் சிட்ரேட் என்று இருக்கும். சளி இளக்கச் சேர்த்தது அந்த அம்மோனியம் குளோரைடு. அதை வைத்துத்தான் எக்ஸ்பெக்டோரண்ட் என்று பெயர். உண்மையில் வேலை செய்வது டைஃபென்ஹைட்ரமின். அது இருமலைக் கொஞ்சம் அடக்கும், சளியைக் காய வைக்கும், மூளையை மந்தமாக்கித் தூங்க வைக்கும். அதாவது தம்பி சொன்ன மூன்றில் ரெண்டு வகை அந்த ஒரே பாட்டிலுக்குள் இருக்கிறது. பெயரோ மீதி இருக்கிற இளக்குற வகையின் பெயர்.

நெஞ்சில் கொரகொரக்கும் சளியைக் காய வைத்தால் அது பசை மாதிரி கெட்டியாகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூங்கவும் வைத்து, இருமவும் விடாமல் செய்தால் சளி எந்த வழியாக வெளியே வரும்?

இன்னொன்று. மூக்குக்குக் கொடுத்த குளோர்ஃபெனிரமின் இருக்கிறதே, அதுவும் டைஃபென்ஹைட்ரமினும் ஒரே குடும்பம். நிறம் வேறு, பெயர் வேறு, வேலை ஒன்று. ரெண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒரே மருந்தை ரெண்டு தடவை கொடுத்த மாதிரி.

ரெண்டு பிள்ளை அம்மா — 3 நவம்பர், இரவு 9.15

அக்கா, எட்டு மணிக்கே அத்தை கொடுத்துட்டாங்க. நான் இப்பதான் கேட்டேன். சாப்பாட்டுக் கரண்டியில ஒரு கரண்டி. மூக்கு மருந்து ஏழரைக்கு நான் கொடுத்தது, சிரிஞ்சுல ரெண்டரை மி.லி. இப்ப என்ன செய்யறது?

மருந்துக்கடை அக்கா — 3 நவம்பர், இரவு 9.24

பதறாமல் கணக்குப் பார்ப்போம். முதலில் பாட்டிலில் 5 மி.லி.க்கு 14 என்று இருக்கிறதா, 7 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு 7 மி.கி. பாட்டில் தனியாக உண்டு. உங்களுடையது 14 என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். சாப்பாட்டுக் கரண்டி கரண்டிக்குக் கரண்டி மாறும், சுமார் 10 மி.லி. பிடிக்கும். அப்படியென்றால் 28 மி.கி. உள்ளே போயிருக்கிறது. பிள்ளைகள் பாட்டிலில் ஒரு சிறு தேக்கரண்டிக்கு 7 மி.கி.தான், அதைப் போல நாலு மடங்கு இது. 12 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 2.3 மி.கி. வருகிறது. ஆறு வயதுக்குக் கீழே கிலோவுக்கு 7.5 மி.கி.க்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வது விஷ மருத்துவத்தில் வழக்கம். அதற்கு நீங்கள் நல்ல தூரத்தில் இருக்கிறீர்கள். ஆனால் குளோர்ஃபெனிரமின் 1 மி.கி.யும் கூடவே இருக்கிறது, நெஞ்சில் சளியும் இருக்கிறது. அதனால் கவனிக்க வேண்டும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இன்று ராத்திரி வேறு எந்த இருமல் மருந்தும், மூக்கு மருந்தும் வேண்டாம். பினாங்கு யூ.எஸ்.எம்.மில் இருக்கிற தேசிய விஷ மையத்துக்கு 1-800-88-8099 அழைத்துப் பாருங்கள், எடை, அளவு, நேரம் மூன்றையும் சொல்லுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அழைத்துக் கேளுங்கள்.

இந்த மருந்து ரெண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஆறு மணி நேரம் வரை இழுக்கும். அதனால் இரவு ரெண்டு மணி வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள். உள்ளங்காலைத் தட்டினால் அசைய வேண்டும், முகம் சுளிக்க வேண்டும். தட்டியும் எழவில்லை, உதடு நீலம், மூச்சு விட்டு விட்டு வருகிறது, வலிப்பு, இதில் ஒன்று என்றாலும் 999. முகம் சிவந்து, தோல் காய்ந்து சுட்டு, கண்மணி பெரிதாகி, இல்லாத பூச்சியைப் பிடிக்கிற மாதிரி காற்றில் கை நீட்டினால் அதுவும் மருந்து ஏறியதன் அடையாளம்தான், தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

செம்பனைக்காரன் — 3 நவம்பர், இரவு 9.31

பெரியவங்க அளவுல பாதின்னு நான் எழுதினது தப்பு. அந்தப் பாட்டில்ல பெரியவங்களுக்கு 10 மி.லி. அதுல பாதி 5 மி.லி., அதாவது 14 மி.கி., அதுவே பிள்ளை அளவுக்கு ரெண்டு மடங்கு. பாதின்னு கணக்குப் போடவே கூடாது போல.

ரெண்டு பிள்ளை அம்மா — 4 நவம்பர், காலை 7.20

பாட்டில்ல 14தான் போட்டிருக்கு. போன்ல பேசினேன், வீட்டுலயே கவனிக்கச் சொன்னாங்க. பத்து மணிக்குத் தூங்குவான்னு பார்த்தா, பதினொண்ணு வரைக்கும் சோபா மேல ஏறி ஏறிக் குதிச்சான். சிரிப்பு, அழுகை, மறுபடி சிரிப்பு. அப்புறம் படுத்தவன் காலுல தட்டினா அசைஞ்சான். இப்ப எழுந்து பால் குடிச்சிட்டான். ஆனா இருமல் அதே மாதிரிதான். தூக்க மருந்து குடிச்சவன் எப்படிக் குதிச்சான்?

பழைய டிரஸர் — 4 நவம்பர், காலை 10.05

சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு அப்படித்தான் ஆகும். தூக்கம் வருவதற்குப் பதில் முறுக்கேறும். இது தெரியாதவர்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொரு கரண்டி கொடுப்பார்கள். ஆபத்து அந்த ரெண்டாவது கரண்டியில்தான்.

இதே குடும்பத்தில் பிரோமெத்தசின் என்று ஒன்று உண்டு. தோட்டத்து வீடுகளில் பயணத்துக்கு, அரிப்புக்கு, இருமலுக்கு என்று எல்லாவற்றுக்கும் எடுத்து வைத்திருப்பார்கள். ரெண்டு வயதுக்குக் கீழே அதைத் தொடவே கூடாது. மூச்சு நின்று குழந்தைகள் இறந்ததைப் பார்த்து 2004-இல் அமெரிக்காவில் லேபிளிலேயே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள்.

அக்காவுக்கு ஒரு வார்த்தை. அம்மோனியம் குளோரைடு சளி இளக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவில் அது இளக்குகிறது என்பதற்குப் பிடிமானமான ஆதாரம் கிடையாது.

மருந்துக்கடை அக்கா — 4 நவம்பர், மதியம் 1.15

டிரஸர் ஐயா சொல்வது நியாயம். ‘இளக்கச் சேர்த்தது’ என்றுதான் எழுதினேன், ‘இளக்கும்’ என்று படிப்பவர்களுக்குத் தோன்றிவிடும். சளி இளக்கச் சேர்க்கும் இன்னொரு மருந்தான குவாய்ஃபெனெசினுக்கும் ஆதாரம் பலமில்லை. புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சோல் சளியின் பிசுபிசுப்பைக் குறைக்கும், ஆனால் சாதாரணச் சளி இருமலில் பிள்ளைக்கு அதனால் எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டால் என்னிடம் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இளக்குகிற மருந்துதானே, கெடுதல் செய்யாது என்ற எண்ணமும் சரியில்லை. சளி இளகினால் அதை மேலே தள்ள பலமான இருமல் வேண்டும். பெரியவர் காறித் துப்பிவிடுவார். ஒரு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, நெஞ்சுத் தசைக்கு வலுவில்லை, துப்பவும் தெரியாது. இளகிய சளி அளவில் பெருகிக் கீழேயே தேங்கிவிடும். கார்போசிஸ்டீன் கொடுத்த குழந்தைகளில் சிலருக்கு மூச்சுத் திணறல் கூடியதைப் பார்த்துத்தான் 2010-இல் பிரான்சில் ரெண்டு வயதுக்குக் கீழே அந்த வகை மருந்துகளையே நிறுத்தினார்கள்.

லோரி அண்ணன் — 4 நவம்பர், இரவு 8.40

எங்கப்பாவுக்கு 68 வயசு. ரெண்டு மாசமா வறட்டு இருமல், தொண்டை அரிக்குதுங்கிறார். சளியே இல்ல. அப்ப அடக்குற மருந்துதானே சரி? முன்ன ஒரு தடவை கோடீன் போட்ட தண்ணி மருந்து குடிச்சார், நல்லா கேட்டுச்சு. அதைப் பேரனுக்கும் ஒரு மூடி கொடுக்கலாமான்னு கேக்கறார், பேரனுக்கு 9 வயசு, அவனும் இருமறான்.

மருந்துக்கடை அக்கா — 4 நவம்பர், இரவு 9.05

பேரனுக்கு வேண்டவே வேண்டாம். கோடீன் அப்படியே வேலை செய்வதில்லை, கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்றித்தான் வேலை நடக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் மிக வேகம். ஒரு மூடியில் எவ்வளவு மார்ஃபின் ஆகும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தூக்கத்தில் மூச்சு குறைந்துகொண்டே போகும், பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் குறட்டை மாதிரித்தான் கேட்கும். 2015-இல் ஐரோப்பாவிலும் 2017-இல் அமெரிக்காவிலும் 12 வயதுக்குக் கீழே இருமலுக்குக் கோடீன் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா விஷயத்தில் மருந்தைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி. பிரஷருக்கு என்ன மாத்திரை போடுகிறார்?

லோரி அண்ணன் — 4 நவம்பர், இரவு 9.30

அட்டையைப் பார்த்தேன். பெரிண்டோபிரில். ஆகஸ்டுல மாத்திக் கொடுத்தாங்க.

பழைய டிரஸர் — 4 நவம்பர், இரவு 9.48

இருமல் அங்கேதான் இருக்கலாம். அந்த வகைப் பிரஷர் மாத்திரை சிலருக்கு இப்படித்தான் செய்யும், சளியில்லாத அரிப்பு இருமல், படுத்தால் கூடும். எந்த இருமல் மருந்தும் அதை நிறுத்தாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் அடங்கச் சில வாரம் ஆகும். அதோடு ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும், அதையும் அதே நாளில் கேட்டு வாங்குங்கள். இரவில் சிறுநீர் போகச் சிரமப்படுகிறவர் என்றால் டைஃபென்ஹைட்ரமின் பாட்டிலும் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

செம்பனைக்காரன் — 5 நவம்பர், மாலை 6.10

நேத்து டவுன் கடையில ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், குவாய்ஃபெனெசின், குளோர்ஃபெனிரமின் மூணும் ஒண்ணா இருக்கு. அடக்குறது, இளக்குறது, காய வைக்கிறது. ஒரே பாட்டில்ல எதுக்கு?

லோரி அண்ணன் — 5 நவம்பர், மாலை 6.25

பிரேக்கையும் எண்ணெய் பெடலையும் சேர்த்து அமுக்குற மாதிரி இருக்கே.

மருந்துக்கடை அக்கா — 5 நவம்பர், இரவு 8.30

அதேதான் அண்ணே. பெரியவருக்கு அது காசுக்கு நஷ்டம், ராத்திரி கொஞ்சம் தூக்கம். பிள்ளைக்கு அப்படி இல்லை. மூன்று மருந்தின் அளவும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது, ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்ட முடியாது. அதே குளோர்ஃபெனிரமின் மூக்கு மருந்திலும் இருந்தால் இரட்டிப்பாகிவிடும், மேலே நடந்த மாதிரி. வீட்டில் பாட்டில்களை வரிசையாக வைத்து உள்ளே என்ன மருந்து என்ற வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், பிரோமெத்தசின், டிரைப்ரோலிடின் நாலும் ஒரே குடும்பம், ரெண்டு பாட்டிலில் இவற்றில் ஏதாவது வந்தால், பெயர் வேறு வேறாக இருந்தாலும், ஒன்றைத் தள்ளி வையுங்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா — 5 நவம்பர், இரவு 8.55

அப்ப இந்த வயசுக்கு எதுவுமே கொடுக்கக் கூடாதா? லேபிள்ல ரெண்டு வயசுக்குக் கீழே கூடாதுன்னுதான் போட்டிருக்கு, இவன் ரெண்டு தாண்டிட்டானே.

பழைய டிரஸர் — 5 நவம்பர், இரவு 9.20

ஆறு வயது வரை கொடுக்காதீர்கள். 2009-இல் இங்கிலாந்தில் ஆறு என்றுதான் கோடு போட்டார்கள். அமெரிக்காவில் 2008-இல் ரெண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றார்கள், பிறகு கம்பெனிகளே நாலு என்று லேபிளில் போட்டுக்கொண்டன. பிள்ளையின் நெஞ்சு எல்லா நாட்டிலும் ஒன்றுதான், நான் ஆறு பக்கம்.

மருந்துக்கடை அக்கா — 5 நவம்பர், இரவு 9.41

நம் ஊர் லேபிளில் ரெண்டு வயதுக்குக் கீழே கூடாது, ரெண்டு முதல் ஆறு வரை டாக்டர் அல்லது மருந்தாளர் சொன்னால் மட்டும் என்று இருக்கும். அந்த ரெண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. ஐயா மாதிரி ஆறு வரை கதவையே சாத்த எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டு ரெண்டு வயதுக்கு மேல் புரோம்ஹெக்சின் எழுதினால் நான் சண்டை போட மாட்டேன். தூக்கம் வர்ற வகையையும் அடக்குகிற வகையையும் நானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

பழைய டிரஸர் — 6 நவம்பர், காலை 9.00

எழுதினாலும் அவசியம் என்ன என்று கேட்பேன். அதை விடுங்கள், அந்த அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லுவோம்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கப் போகும் முன் தேன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை கொடுங்கள், பிறகு பல் துலக்கிவிடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி விதை குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும். நாக்கில் தடவுகிற பழக்கமும் இதில் சேர்த்திதான். மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு ஒவ்வொரு துளைக்கும் ரெண்டு, பால் குடிக்கும் முன்னும் படுக்கும் முன்னும். இரவு இருமலில் பாதி, மூக்குச் சளி தொண்டைக்குள் இறங்குவதால் வருவது.

பிறகு மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கி வயிறு எத்தனை முறை எழுகிறது என்று முழு ஒரு நிமிடம். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகிவிடும், பிள்ளைகள் சீராக மூச்சு விடுவதில்லை. ஒரு வயதிலிருந்து ஐந்து வரை 40 அல்லது அதற்கு மேல், ரெண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ரெண்டு மாதத்துக்குள் 60 என்றால் அது சளி இருமல் என்று விட்டுவிடக் கூடாது, அன்றே டாக்டர். விலாவுக்குக் கீழே மூச்சு இழுக்கும்போது குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா — 6 நவம்பர், இரவு 10.15

தூங்கும்போது எண்ணினேன், 44. மறுபடி எண்ணினேன், 43. குழி விழல. கிளினிக் மூடிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

ரெண்டு பிள்ளை அம்மா — 7 நவம்பர், மதியம் 12.30

வீசிங்காம். பம்பு அடிச்சதும் மூச்சு 32க்கு வந்துடுச்சு. ஸ்பேசர் கொடுத்து அடிக்கிற முறை சொல்லிக் கொடுத்தாங்க. இருமல் மருந்து ஒண்ணும் எழுதல. கொரகொரன்னு கேட்டதை சளின்னு நினைச்சேன், மூச்சுக்குழாய் சுருங்கினதும் சேர்ந்துதான் கேட்டிருக்கு. அத்தையும் கூட வந்தாங்க. அவங்களே டாக்டர்கிட்ட கரண்டியைக் காட்டிச் சொன்னாங்க, எவ்வளவு கொடுத்தோம்னு.

மருந்துக்கடை அக்கா — 7 நவம்பர், மதியம் 1.50

நல்ல வேளை எண்ணினீர்கள். அத்தை கரண்டியைக் கொண்டுபோய்க் காட்டியது பெரிய உதவி, ‘கொஞ்சம்’ என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. இருமல் இன்னும் ரெண்டு வாரம்கூட இழுக்கலாம், மூச்சு சரியாக இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். ராத்திரி இருமல், ஓடினால் இருமல் என்று திரும்பத் திரும்ப வந்தால் ஆஸ்துமாவா என்று கேளுங்கள்.

லோரி அண்ணன் — 7 நவம்பர், இரவு 9.10

அப்பாவுக்கு வியாழன் அடுத்த வாரம் கிளினிக்குல தேதி. சளி டப்பாவும் கேக்கச் சொல்லிட்டேன். அந்த பழைய கோடீன் பாட்டில்ல இன்னும் முக்கால் இருக்கு, சிங்க்ல ஊத்திடவா?

மருந்துக்கடை அக்கா — 7 நவம்பர், இரவு 9.25

ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி அப்பாவோடு எடுத்துப் போங்கள், அரசாங்கக் கிளினிக்கின் பார்மசி கவுண்டரில் பழைய மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வியாழன் வரைக்கும் பேரனுக்கு எட்டாத உயரத்தில், பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா — 7 நவம்பர், இரவு 9.40

என் வீட்டுக்காரர் பாட்டிலையும் அப்படியே கொண்டு போறேன். அக்கா, அந்த டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பாட்டில் இன்னும் பிரிக்கல, பெரியவளுக்கு 7 வயசு, வச்சிருக்கலாமா?

மருந்துக்கடை அக்கா — 7 நவம்பர், இரவு 9.52

வைத்திருக்கலாம், லேபிளில் அந்த வயதுக்கு அளவு போட்டிருந்தால். சளி இல்லாத வறட்டு இருமல், மூச்சு சத்தம் இல்லை, தூக்கம் கெடுகிறது என்றால் மட்டும் எடுங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் பெரியவர் யாரும் வீட்டில் இருந்தால் அவர் அதைக் குடிக்கக் கூடாது. பாட்டில் மேல் பெரியவளின் பெயரை எழுதி, சிரிஞ்சை ரப்பர் வளையத்தால் பாட்டிலோடு கட்டி வையுங்கள். கரண்டி அந்த அலமாரிப் பக்கமே வர வேண்டாம்.